பிரீமியம் கட்டுவதை நிறுத்தினால் இன்சூரன்ஸ் பணம் என்னவாகும்? சரண்டர் – பெய்ட்-அப் வித்தியாசம் இதுதான்!

வேலையில் சேர்ந்த முதல் வருடம். மார்ச் மாதம் வந்ததும் ஹெச்.ஆரிடமிருந்து மெயில்: ‘வரிச் சேமிப்புக்கான ஆதாரங்களை உடனே சமர்ப்பிக்கவும்’. அந்த அவசரத்தில் தெரிந்தவர் ஒருவர் மூலம் எண்டோமென்ட் பாலிசி ஒன்றை எடுத்தவர்கள் நம்மில் நிறையப் பேர். 80சி பிரிவில் வரி குறையும், முதிர்வில் பணமும் வரும் என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம்.

இப்போது நிலைமை வேறு. 2023-24 நிதியாண்டு முதல் புதிய வருமான வரி முறைதான் இயல்பான தேர்வு. அதில் 80சி கழிவு கிடையாது. ‘வரியே மிச்சமாகாத பாலிசிக்கு எதற்கு வருஷா வருஷம் ஐம்பதாயிரம் கட்டணும்?’ என்ற கேள்வி வருவது இயல்புதான்.

இந்தக் கேள்வியோடு ஏஜென்டிடமோ கிளை அலுவலகத்திலோ போனால், பெரும்பாலும் இரண்டே பதில்கள்தான் கிடைக்கும். ஒன்று, ‘எப்படியாவது தொடர்ந்து கட்டுங்க’. இல்லையென்றால், ‘சரண்டர் பண்ணிடுங்க’. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் பெய்ட்-அப்.

நிறுத்துவதும் சரண்டர் செய்வதும் ஒன்றா?

இல்லை. இரண்டும் தனித்தனி முடிவுகள்.

பிரீமியம் கட்ட வேண்டிய தேதி தாண்டினால் முதலில் சலுகைக் காலம் ஓடும். மாதப் பிரீமியத்துக்கு 15 நாள், காலாண்டு, அரையாண்டு, ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள். அதற்குள்ளும் கட்டவில்லை என்றால் என்ன ஆகும் என்பது, அதுவரை எத்தனை ஆண்டு கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பாலிசிக்குச் சரண்டர் மதிப்பு வரும் முன்பே நிறுத்திவிட்டால் பாலிசி காலாவதியாகும். குறிப்பிட்ட காலத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் கட்டிய பணம் போனதுதான். ஆனால் சரண்டர் மதிப்பு வந்துவிட்ட பாலிசி, மேற்கொண்டு பிரீமியம் கட்டாத ஒரே காரணத்துக்காகச் செத்துப்போகாது. 1938-ம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 113-வது பிரிவு தரும் பாதுகாப்பு இது. காப்பீட்டுத் தொகை குறைக்கப்பட்டு, பாலிசி முதிர்வு நாள் வரை உயிரோடு இருக்கும். இதற்குப் பெயர்தான் பெய்ட்-அப் பாலிசி. இதற்கு நீங்கள் எந்தப் பணமும் கட்ட வேண்டாம்.

சரண்டர் என்பது நீங்களாக எழுதிக் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது. அன்றைய மதிப்பு என்னவோ அதை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறீர்கள். அதன் பிறகு காப்பீடும் இல்லை, முதிர்வுத் தொகையும் இல்லை.

எத்தனை ஆண்டு கட்டினால் இந்த மதிப்பு வரும்?

இது நீங்கள் எப்போது பாலிசி எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

2019-ம் ஆண்டு விதிகளின்படி வந்த பாலிசிகளில், இரண்டு ஆண்டு பிரீமியம் முழுமையாகக் கட்டியிருந்தால் சரண்டர் மதிப்பு உண்டு. அதற்கு முந்தைய விதிகளில், பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல் பிரீமியம் கட்டும் பாலிசிகளுக்கு மூன்று ஆண்டு தேவைப்பட்டது. அதாவது ஒரு வருடம் கட்டிவிட்டு, ‘தப்பா எடுத்துட்டோம்’ என்று உணர்ந்தவருக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது.

இதைத்தான் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ மாற்றியது. 2024 ஜூன் 12 அன்று வெளியான சுற்றறிக்கைப்படி, முதல் ஆண்டு பிரீமியத்தை முழுமையாகக் கட்டி, பாலிசியின் முதல் ஆண்டு முடிந்திருந்தாலே ‘சிறப்பு சரண்டர் மதிப்பு’ தர வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் விற்கப்படும் பாலிசிகளுக்கு இது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் எடுத்த பாலிசிகளுக்கு, அந்தப் பாலிசிப் பத்திரத்தில் அச்சாகியிருக்கும் நிபந்தனைகள்தான் பொருந்தும்.

எனவே முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் பாலிசி தொடங்கிய தேதி.

சரண்டர் மதிப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

இரண்டு கணக்குகள் போடப்படும். எது அதிகமோ அது உங்களுக்கு.

முதலாவது, உத்தரவாத சரண்டர் மதிப்பு. கட்டிய மொத்தப் பிரீமியத்தில் இத்தனை சதவீதம் என்று விதியே குறைந்தபட்ச அளவைச் சொல்லிவிடும். இரண்டாம் ஆண்டில் 30 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 35, நான்கு முதல் ஏழு ஆண்டு வரை 50. பிறகு மெல்ல ஏறி, கடைசி இரண்டு ஆண்டுகளில் 90 சதவீதம். போனஸ் சேர்ந்திருந்தால், அதற்கும் ஒரு சிறிய ரொக்க மதிப்பு தனியாகச் சேரும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘கட்டிய மொத்தப் பிரீமியம்’ என்பதில் வரியும் ரைடர்களுக்கான பிரீமியமும் சேராது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி இல்லை. ஆனால் அதற்கு முன் எண்டோமென்ட் பாலிசிக்கு முதல் ஆண்டு 4.5 சதவீதமும், அடுத்தடுத்த ஆண்டுகளில் 2.25 சதவீதமும் கட்டியிருப்பீர்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் தொகையை வைத்துக் கணக்குப் போட்டால், கம்பெனி சொல்லும் தொகையோடு ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, சிறப்பு சரண்டர் மதிப்பு. பாலிசியை இன்றே பெய்ட்-அப் ஆக்கினால் முதிர்விலோ இறப்பிலோ எவ்வளவு வருமோ, அதன் இன்றைய மதிப்பு இது. பதினைந்து வருடம் கழித்து வரப்போகும் 4 லட்சம் ரூபாய்க்கு இன்று 4 லட்சம் மதிப்பு இல்லை அல்லவா? ஒரு வட்டி விகிதத்தை வைத்து அதைக் குறைத்துப் பார்ப்பார்கள். முன்பு அந்த விகிதத்தை முடிவு செய்வதில் கம்பெனிகளுக்கு நிறைய சுதந்திரம் இருந்தது. விகிதத்தைக் கூட்டினால் உங்கள் கைக்கு வரும் பணம் குறையும். 2024 விதி இதற்கு ஓர் உச்சவரம்பு வைத்தது: 10 ஆண்டு அரசுக் கடன்பத்திரத்தின் வருமான விகிதத்தோடு அரை சதவீதம், அதற்கு மேல் போகக் கூடாது.

ஆக, பெய்ட்-அப் மதிப்பைப் புரிந்துகொண்டால்தான் சரண்டர் மதிப்பும் புரியும்.

பெய்ட்-அப் மதிப்பு: ஓர் உதாரணம்

கணக்கு எளிது. காப்பீட்டுத் தொகையை, கட்டிய பிரீமியங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, கட்ட வேண்டிய மொத்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அதோடு அதுவரை சேர்ந்த போனஸைக் கூட்ட வேண்டும்.

ஒருவர் 2021-ல் 20 ஆண்டு எண்டோமென்ட் பாலிசி எடுத்ததாக வைத்துக்கொள்வோம். காப்பீட்டுத் தொகை 10 லட்சம் ரூபாய். வரி நீங்கலாக ஆண்டுப் பிரீமியம் 50,000. ஐந்து ஆண்டு கட்டிவிட்டார், மொத்தம் 2.5 லட்சம். போனஸ் ஆயிரத்துக்கு 40 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் வருடத்துக்கு 40,000, ஐந்து ஆண்டுக்கு 2 லட்சம். ஆறாவது பிரீமியம் கட்ட அவருக்கு விருப்பமில்லை.

20-ல் 5 பிரீமியம் கட்டியிருப்பதால், பெய்ட்-அப் காப்பீட்டுத் தொகை 10 லட்சத்தில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 2.5 லட்சம். சேர்ந்த போனஸ் 2 லட்சம். மொத்தம் 4.5 லட்சம். இது இன்றைக்குக் கிடைக்காது. இன்னும் 15 ஆண்டு கழித்து முதிர்வு நாளில் வரும். இடையில் அவர் இறந்துவிட்டால் நாமினிக்கு வரும்.

இது பழைய பாலிசி. கம்பெனியிடம் சரண்டர் மதிப்பு கேட்டபோது 1.45 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரீமியத்தில் பாதியான 1.25 லட்சத்தோடு, போனஸின் ரொக்க மதிப்பு 20,000 சேர்ந்தது.

‘2.5 லட்சம் கட்டி 1.45 லட்சம்தானா!’ என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் கட்டியது கட்டியதுதான். எந்த முடிவு எடுத்தாலும் அது மாறப்போவதில்லை. இனி நடக்கப்போவதை மட்டும் பார்த்தால் இரண்டு கேள்விகள்தான் மிஞ்சும்.

கேள்வி 1: சரண்டரா, பெய்ட்-அப்பா?

இன்று கைக்கு 1.45 லட்சம், அல்லது 15 ஆண்டு கழித்து 4.5 லட்சம். இந்த 1.45 லட்சத்தை வேறு எங்காவது போட்டு 4.5 லட்சம் ஆக்க, ஆண்டுக்கு எவ்வளவு வளர்ச்சி வேண்டும்? எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் இதை டைப் செய்து பாருங்கள்:

```
=(450000/145000)^(1/15)-1
```

விடை சுமார் 7.8 சதவீதம். சரண்டர் செய்து எடுக்கும் பணம், வரி போக ஆண்டுக்கு 7.8 சதவீதம் வளர்ந்தால்தான் பெய்ட்-அப்புக்கு ஈடாகும். அந்தப் பணத்தை ஃபிக்சட் டெபாசிட்டில் போடுவதாக இருந்தால், வட்டிக்கு வரி கட்டிய பிறகு இந்த அளவை எட்டுவது கஷ்டம். 15 ஆண்டு தொடாமல் பங்குச்சந்தை ஃபண்டில் விடுவேன் என்பவருக்கு வாய்ப்பு உண்டு, உத்தரவாதம் இல்லை. மாதம் 3 சதவீதத்துக்கும் மேல் வட்டி போடும் கிரெடிட் கார்டு பாக்கியை அடைக்கப் போகிறேன் என்பவருக்குச் சரண்டர்தான் சரி.

இதே உதாரணத்தில் சிறப்பு சரண்டர் மதிப்பை 7 சதவீத வட்டியில் கணக்கிட்டிருந்தால் சுமார் 1.63 லட்சம் வந்திருக்கும். புதிய விதியும் பழைய பாலிசியும் விலகும் இடம் இது. முதல் ஆண்டில் இந்த வித்தியாசம் இன்னும் பெரியது. இதே பாலிசியை ஒரு வருடம் மட்டும் கட்டி நிறுத்தினால் பெய்ட்-அப் தொகை 50,000. மீதி 19 ஆண்டுக்கு 7 சதவீதத்தில் குறைத்துப் பார்த்தால், போனஸே இல்லாவிட்டாலும் இன்றைய மதிப்பு 13,800 ரூபாய். 40,000 போனஸும் சேர்ந்திருந்தால் சுமார் 24,900. பழைய பாலிசியில் இது பூஜ்ஜியம்.

கேள்வி 2: நிறுத்துவதா, தொடர்வதா?

பெய்ட்-அப் ஆனால் 4.5 லட்சம் எப்படியும் வரும். தொடர்ந்து கட்டினால் முதிர்வில் 10 லட்சமும், போனஸ் இதே அளவில் இருந்தால் 8 லட்சமும் சேர்ந்து 18 லட்சம் வரும். அதாவது, இனி கட்டப்போகும் 15 பிரீமியங்களுக்கு, 7.5 லட்சத்துக்கு, கூடுதலாகக் கிடைப்பது 13.5 லட்சம்.

```
=RATE(15,-50000,0,1350000,1)
```

இதன் விடை ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதம். இதே பாலிசியை முதல் நாளிலிருந்து 20 ஆண்டுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 5.3 சதவீதம்தான் வரும்.

ஒரே பாலிசிக்கு எப்படி இரண்டு விடை? ஆரம்ப ஆண்டுப் பிரீமியத்தில்தான் ஏஜென்ட் கமிஷனும் மற்ற செலவுகளும் அதிகம் போகின்றன. கடைசி ஆண்டுகளில் கட்டும் பிரீமியம் சில வருடங்களே காத்திருந்தாலும், அதற்கும் முழு ஆண்டு போனஸ் சேர்கிறது. பாலிசி வயதாக வயதாக, மீதி ஆண்டுகளின் வருமானம் மேம்படுவது இதனால்தான். ‘எண்டோமென்ட்டில் 5 சதவீதம்தான்’ என்று சோஷியல் மீடியாவில் பார்த்துவிட்டு, 14 வருடம் கட்டிய பாலிசியைச் சரண்டர் செய்பவர் தவறான எண்ணை வைத்து முடிவெடுக்கிறார். அந்த எண் புதிதாக எடுப்பவருக்கானது.

அதே சமயம், போனஸுக்கு உத்தரவாதம் கிடையாது. இனி வரும் ஆண்டுகளில் போனஸ் ஆயிரத்துக்கு 30 ஆகக் குறைந்தால், கூடுதலாகக் கிடைப்பது 13.5-க்குப் பதில் 12 லட்சம். வருமானம் சுமார் 5.7 சதவீதமாக இறங்கும். உங்கள் பாலிசிக்குக் கடந்த சில ஆண்டுகளில் அறிவித்த போனஸ் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பெய்ட்-அப்பில் இழப்பது என்ன?

முதலில், காப்பீடு. மேலே சொன்ன உதாரணத்தில் 10 லட்சமும் போனஸுமாக இருந்த பாதுகாப்பு, ஒரே நாளில் 4.5 லட்சமாகச் சுருங்குகிறது. விபத்து, ஊனம் போன்ற ரைடர்களும் நின்றுவிடும். வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி யாராவது இருந்தால், முதலில் டெர்ம் பாலிசி எடுத்து, அது கைக்கு வந்த பிறகே இதை நிறுத்த வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

அடுத்தது, போனஸ். வழக்கமான லாபப் பங்கு பாலிசிகளில், பெய்ட்-அப் ஆன பிறகு புதிய போனஸ் சேராது. ஏற்கெனவே சேர்ந்தது அப்படியே இருக்கும். 15 ஆண்டு கழித்தும் அதே 4.5 லட்சம்தான். அதனால்தான் இந்தத் தொகையை இன்றைய சரண்டர் மதிப்போடு நேரடியாக ஒப்பிடாமல், மேலே செய்ததுபோல் வட்டியாக மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் பெய்ட்-அப்பில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. மனசு மாறினால் திரும்பலாம். யூலிப் அல்லாத பாலிசிகளை, கட்டத் தவறிய முதல் பிரீமியத் தேதியிலிருந்து 5 ஆண்டுக்குள் புதுப்பிக்கலாம். பாக்கிப் பிரீமியத்தை வட்டியோடு கட்ட வேண்டும், உடல்நலம் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவப் பரிசோதனையும் இருக்கும். சரண்டர் செய்த பாலிசிக்கு இந்த வழி இல்லை. வேலை போய்விட்டது, இரண்டு வருடம் கட்ட முடியாது என்பது போன்ற தற்காலிக நெருக்கடியில், சரண்டர் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இதை யோசிக்க வேண்டும். அவசரத்துக்குப் பணம் தேவை என்றால், சரண்டர் மதிப்பை அடமானமாக வைத்து அதே கம்பெனியில் கடன் வாங்கவும் பெரும்பாலான பாலிசிகளில் இடமுண்டு. வட்டி கட்டாமல் விட்டுக் கடன் சரண்டர் மதிப்பைத் தாண்டினால், பாலிசியை முடித்துவிடுவார்கள். அதில் மட்டும் கவனம் தேவை.

பென்ஷன் பாலிசி என்றால்?

கணக்கின் அடிப்படை இதேதான். ஆனால் சரண்டர் செய்தாலும் மொத்தத் தொகையும் ரொக்கமாகக் கைக்கு வராது. ஒரு பகுதியை மட்டும் எடுக்கலாம். மீதிக்கு ஆண்டுத்தொகை, அதாவது மாதாமாதம் பென்ஷன் தரும் திட்டம் வாங்க வேண்டியிருக்கும். உங்கள் பத்திரத்தில் ‘சரண்டர்’ பகுதியோடு ‘கம்யூட்டேஷன்’ பகுதியையும் சேர்த்துப் படியுங்கள்.

முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

கம்பெனிக்கு மெயில் அனுப்பி மூன்று எண்களை எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்: இன்றைய சரண்டர் மதிப்பு, இன்று நிறுத்தினால் பெய்ட்-அப் மதிப்பு, இதுவரை சேர்ந்த போனஸ். போனில் சொல்வதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஆயுள் காப்பீட்டில் ‘பெய்ட்-அப் மதிப்பு’ என்று சொல்வதை இன்றே கிடைக்கும் தொகை என்று நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் குழப்பம்.

பேங்க்கில் ஆட்டோ டெபிட் இருந்தால், அடுத்த தேதிக்கு முன் அதை ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் வேண்டாம் என்று முடிவு செய்த பிரீமியமும் தானாகப் போய்விடும். கணக்கில் பணம் இல்லை என்றால் பவுன்ஸ் கட்டணம் வரும்.

வரியையும் பாருங்கள். பழைய வரி முறையில் 80சி கழிவு வாங்கியிருந்து, இரண்டு ஆண்டு பிரீமியம் கட்டும் முன்பே நிறுத்தினால், முன்பு வாங்கிய கழிவு அந்த ஆண்டு வருமானத்தில் திரும்பச் சேர்க்கப்படும். பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதத்தைத் தாண்டும் பாலிசி என்றால், கிடைக்கும் லாபத்துக்கு வரி உண்டு. நம் உதாரணத்தில் அது 5 சதவீதம்தான் என்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

கடைசியாக, ‘இதைச் சரண்டர் பண்ணிட்டு இந்தப் புதுத் திட்டத்துல போடுங்க, இன்னும் நல்லா வரும்’ என்று யாராவது சொன்னால், அவரிடம் ஒன்று கேளுங்கள்: புதுப் பாலிசியில் முதல் ஆண்டு உங்களுக்கு எவ்வளவு கமிஷன்? செலவு அதிகம் பிடிக்கும் அந்த ஆரம்ப ஆண்டுகளை நீங்கள் ஒரு முறை கடந்துவிட்டீர்கள். புதுப் பாலிசி எடுத்தால், அதை இன்னொரு முறை கூடுதல் வயதில் தொடங்குகிறீர்கள். அவர் சொல்லும் முதிர்வுத் தொகையையும் பிரீமியத்தையும் மேலே உள்ள `RATE` ஃபார்முலாவில் போட்டுப் பாருங்கள். உங்கள் பழைய பாலிசியின் மீதி ஆண்டுகளுக்கு வரும் சதவீதத்தை அது தாண்டுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.